மீன் தின்பவரின் இரத்தத்தில் பி12 இல்லாமல் போனால்

இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணாடித் துண்டில் தடவிய இரத்தத்தைச் சாயமிட்டு நுண்நோக்கியில் பார்க்கும்போது, சிவப்பணுக்கள் வழமையைவிடப் பெரிதாய், முட்டை வடிவில் வீங்கிக் கிடந்தால், கண் உடனே வெள்ளையணுக்களைத் தேடிப்போகும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவின் கரு வழமையாக மூன்று அல்லது நான்கு துண்டுகளாய், மெல்லிய நூலால் கோத்ததுபோல இருக்கும். அதே கரு ஆறு, ஏழு துண்டுகளாய்ப் பிரிந்திருந்தால், எலும்பு மச்சையில் அணுக்கள் உரிய நேரத்தில் பிரியாமல் தடுமாறுகின்றன என்று அர்த்தம். பெரும்பாலும் விற்றமின் பி12 அல்லது போலிக் அமிலம் குறைந்த இரத்தம் அது.

திருகோணமலையில் இப்படி ஒரு படலத்தைப் பார்த்தால் அடுத்துக் கேட்கப்படும் கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: "ஐயா, நீங்கள் சைவமா?" பி12 மீன், இறைச்சி, முட்டை, பால் என்று விலங்குகளிடமிருந்து வரும் உணவில் மட்டுமே போதிய அளவில் இருக்கிறது. வருடக்கணக்காகச் சுத்த சைவமாக இருப்பவருக்கு அது குறைவதில் ஆச்சரியம் இல்லை. நீண்டகாலம் மெற்போமின் குடிக்கும் நீரிழிவுக்காரர், வயிற்று எரிவுக்கு ஒமிப்பிரசோல் நிறுத்தாமல் எடுப்பவர், வயது போனவர்கள் ஆகியோருக்கும் குறையலாம். இங்கே வரும் நோயாளிகளில் மிகப் பெரும்பாலானோருக்குக் காரணம் இவற்றில் ஒன்றுதான்.

ஆனால் ஒருவர் நாள் தவறாமல் மீன் தின்கிறவர், வேறு மருந்து எதுவும் எடுக்காதவர், வயிற்றில் கோளாறும் இல்லை என்றால்? கடலால் மூன்று பக்கமும் சூழப்பட்ட ஊரில், காலையில் சந்தைக்குப் போய்ச் சூரை வாங்கி மத்தியானம் குழம்பும் பொரியலுமாகச் சாப்பிடுகிறவரின் உடம்பில் பி12 வற்றிப்போவது புதிர்தான். அந்தப் புதிருக்கு உலகம் முழுவதும் எழுதப்பட்ட மருத்துவப் பாடநூல்களில் ஒரு அரிய விடை உண்டு: மீன் நாடாப்புழு. மற்ற நாடாப்புழுக்கள் பல இருந்தும், இந்த ஒன்று மட்டும் பி12-ஐக் குறிவைத்துக் காலியாக்குவது எப்படி என்பதுதான் இங்கே விளக்க வேண்டிய விஷயம்.

முதலில் பி12 உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கலாம். மீன் துண்டில் பி12 புரதத்தோடு ஒட்டியிருக்கும். வயிற்று அமிலம் அதைப் பிரித்தெடுக்கும். வயிற்றுச் சுவரே சுரக்கும் ஒரு புரதம் உண்டு. அதை உள்ளகக் காரணி என்பார்கள். சிறுகுடலின் தொடக்கத்தில் பி12 இந்த உள்ளகக் காரணியோடு சோடி சேர்ந்துகொள்ளும். இந்தச் சோடியை உள்ளே எடுத்துக்கொள்ளும் வாசல் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மட்டுமே இருக்கிறது. ஆகவே மற்றச் சத்துகள் பல சிறுகுடலின் முற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டு முடிந்துவிட, பி12 மட்டும் ஆறு மீற்றருக்குக் கிட்டிய குடலைத் தாண்டி, கடைசி வாசலுக்குப் போய்ச்சேர வேண்டும். பயணிகள் எல்லோரும் வழியில் இறங்கிவிட, பஸ்ஸின் கடைசித் தரிப்பிடம் வரை போகும் ஒருவரைப்போல. இந்த நீண்ட பாதையில் யாராவது குறுக்கே படுத்திருந்தால் நிலைமை என்னவாகும்?

மீன் நாடாப்புழு அப்படித்தான் படுத்திருக்கிறது. பழைய பெயர் டைபிலோபோத்ரியம் லேட்டம். 2017-க்குப் பிறகு வகைப்பாட்டாளர்கள் டைபோத்ரியோசெபாலஸ் லேட்டஸ் என்று மாற்றியிருக்கிறார்கள். மனிதக் குடலில் வாழும் புழுக்களில் மிக நீளமானவற்றில் இது ஒன்று. பத்து மீற்றர் வரை வளரும். மூவாயிரத்துக்கு மேற்பட்ட கணுக்கள் நாடாவில் கோத்ததுபோல வரிசையாக இருக்கும். ஒவ்வொரு கணுவும் நீளத்தைவிட அகலம் கூடியது. நடுவில் ரோஜாப்பூ மாதிரி சுருண்ட கருப்பை தெரியும். வாய் இல்லை, குடலும் இல்லை. உணவு முழுவதையும் தன் தோலாலேயே உறிஞ்சுகிறது. அதாவது பத்து மீற்றர் நீளத் தோல் முழுவதும் உறிஞ்சும் பரப்பு.

இந்தத் தோல் பி12-ஐ அலாதியான ஆசையோடு பிடித்துக்கொள்கிறது. பி12-இல் உள்ள கோபால்ட் அணுவைக் கதிரியக்கமாக்கி அடையாளமிட்டு, அதை நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தபோது, ஒரு தடவை கொடுத்த அளவில் எண்பது சதவீதம் வரை, சிலரில் அதற்கும் மேலாக, புழு எடுத்துக்கொண்டது தெரிந்தது. மாட்டிறைச்சி வழியாக வரும் டீனியா நாடாப்புழு இந்த அளவுக்கு எடுப்பதில்லை. அதைவிட முக்கியமான விஷயம், உள்ளகக் காரணியோடு சோடி சேர்ந்த பி12-ஐக்கூடப் பிரித்தெடுக்க இந்தப் புழுவால் முடிகிறது. உடம்பு செய்துவைத்த பொதியைத் தெருவிலேயே அவிழ்த்து எடுப்பது மாதிரி. ஆகையால் இது வெறும் போட்டி மட்டும் இல்லை. வாசலுக்குப் போகும் சோடியையே உடைத்துவிடுகிறது.

இந்த அறிவு பெரும்பகுதி பின்லாந்திலிருந்து வந்தது. குளிர்ந்த ஏரிகள் நிறைந்த அந்த நாட்டில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மக்களில் கணிசமானோர் இந்தப் புழுவோடு வாழ்ந்தார்கள். 1940-களில் ஐந்தில் ஒருவர் என்ற கணக்கும் சொல்லப்படுகிறது. அவர்களில் சிலருக்கு மட்டும், வயிறு உள்ளகக் காரணியைச் சுரக்காததால் வரும் கொடிய இரத்தச்சோகை போலவே ஒரு இரத்தச்சோகை வந்தது. பேர்ட்டில் வான் பொன்ஸ்டோர்ஃப் என்ற மருத்துவர் இதைப் பல வருடம் ஆராய்ந்தார். புழுவை வெளியேற்றினால் போதும், வேறு மருந்து இல்லாமலே இரத்தம் தேறியது. பி12 பிரித்தெடுக்கப்பட்டது 1948-இல்தான். அதற்கு முன்பே புழுவுக்கும் இரத்தச்சோகைக்கும் உள்ள தொடர்பு அங்கே சந்தேகமின்றித் தெரிந்திருந்தது. புழு எதைத் திருடுகிறது என்பதுதான் பிற்பாடு புரிந்தது.

அடுத்த கேள்வி: புழு இருக்கிற எல்லோருக்கும் ஏன் இரத்தச்சோகை வருவதில்லை? புழு இருப்பவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு பி12 அளவு குறைந்திருக்கலாம். ஆனால் இரத்தச்சோகை வரை போவது நூற்றுக்கு இருவர் அளவில்தான். இதற்கு விடை புழு எங்கே படுத்திருக்கிறது என்பதில் இருக்கிறது. புழு சிறுகுடலின் மேற்பகுதியில், வயிற்றுக்குக் கிட்ட நங்கூரமிட்டிருந்தால், பி12 வாசலை அடையும் முன்பே அதன் தோலைக் கடந்தே போக வேண்டும். கீழே, வாசலுக்குப் பக்கத்தில் இருந்தால் உடம்புக்கும் பங்கு கிடைக்கும். பின்லாந்தில் இரத்தச்சோகை வந்தவர்களில் புழு மேல்மட்டத்தில் இருந்ததாகக் கண்டார்கள். புழுவின் எண்ணிக்கை, அந்த ஆள் சாப்பாட்டில் எடுத்த பி12-இன் அளவு, அவருடைய வயிற்றுச் சுரப்பின் நிலை ஆகியவையும் சேரும்.

எங்கள் ஊரில் பலர் கவனிக்காத ஒரு நுட்பம் இங்கே இருக்கிறது. பி12 ஈரலில் சேமிக்கப்படுகிறது. ஒருவரின் கையிருப்பு இரண்டு முதல் ஐந்து மில்லிகிராம் வரை இருக்கும். ஒருநாள் தேவை இரண்டரை மைக்ரோகிராமுக்குக் கிட்ட. ஈரல் தன் பித்தத்தோடு கொஞ்சம் பி12-ஐக் குடலுக்குள் விட்டு, கடைசி வாசலில் திருப்பி எடுத்துக்கொள்ளும். சைவ உணவுக்காரருக்கு வெளியிலிருந்து வருவதுதான் குறைவு. இந்தச் சுழற்சி கெடாமல் நடக்கும். அதனால் அவருடைய கையிருப்பு பத்து, இருபது வருடம்கூட நீடிக்கலாம். புழு இருப்பவருக்கோ பித்தத்தோடு வரும் பி12-உம் வழியில் பறிபோகிறது. வரவும் இல்லை, சுழற்சியும் இல்லை. கையிருப்பு சில வருடங்களிலேயே கரைந்துவிடலாம்.

சரி, இந்தப் புழு எங்கிருந்து வருகிறது? நோயாளியின் மலத்தோடு முட்டைகள் நன்னீரில் கலக்க வேண்டும். குளிர்ந்த நீரில் அவை இரண்டு மூன்று கிழமை வளர்ந்து, மயிர் சூழ்ந்த சிறு உருண்டைக் குஞ்சாக நீந்தும். சைக்ளோப்ஸ் போன்ற நுண்ணிய நீர்ப்பூச்சி அதை விழுங்கும். பூச்சியைச் சிறு மீன் தின்னும். சிறு மீனைப் பைக், பேர்ச் போன்ற வேட்டை மீன் தின்னும். அந்தப் பெரிய மீனின் சதையிலும் சினையிலும் வெள்ளை நூல்போல, சில மில்லிமீற்றர் முதல் இரண்டு சென்ரிமீற்றர் வரை நீளமான இளம்புழு உறங்கிக் கிடக்கும். அந்தச் சதை வேகாமல் மனிதனின் வாய்க்குள் போனால் வட்டம் முடிகிறது. ஐந்தாறு கிழமையில் புழு முட்டையிடத் தொடங்கும். நாளொன்றுக்குப் பத்து லட்சம் வரை.

எங்கள் மீன் சந்தையில் விற்கும் சூரையோ பாரையோ இந்தச் சங்கிலியில் இல்லை. கந்தளாய்க் குளத்து மீனும் இல்லை. இந்தப் புழுவைச் சுமக்கும் மீன்கள் குளிர்நாட்டு ஏரிகளுக்கே உரியவை. அத்தோடு நாங்கள் மீனைப் பச்சையாகத் தின்பதில்லை. குழம்பு, சொதி, பொரியல், தீயல் எல்லாமே கொதிக்கும் சூட்டில் வெந்தவை. கட்லட்டுக்குக்கூட மீனை முதலில் அவித்துத்தான் முள் எடுப்போம். ஐரோப்பிய யூதக் குடும்பங்களில் அரைத்த பச்சை மீனில் செய்யும் உருண்டைக்கு உப்புப் பார்க்கச் சமைக்கும் பெண்கள் ஒரு துளி வாயில் வைத்துப் பார்ப்பார்கள். அப்படித்தான் அவர்களில் பலருக்குப் புழு வந்தது. நம் கட்லட்டுக்கு உப்புப் பார்த்தால் இந்த ஆபத்து இல்லை.

ஆனால் ஊர் மாறினால் உணவும் மாறும். திருகோணமலையிலிருந்து போனவர்கள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் ஏரிக்கரைகளில் வாழ்கிறார்கள். ஆகவே புழு இங்கே பிறக்காவிட்டாலும், புழு சுமப்பவர் லீவுக்கு இங்கே வரலாம். ஒரு ஆளை நினைத்துக்கொள்வோம். இது நான் உருவாக்கிய உதாரணம். எண்கள் இப்படியான நோயாளியிடம் எதிர்பார்க்கக்கூடியவை.

ஐம்பத்திரண்டு வயது. ஊரைவிட்டுக் கனடா போய்ப் பதினைந்து வருடம். அங்கே வார இறுதியில் நண்பர்களோடு ஏரிக்குப் போய்ப் பைக் மீன் பிடிப்பார். ரஷ்ய நண்பர் ஒருவர் மீனின் சினையில் உப்புத் தூவி, சில மணித்தியாலம் வைத்துப் பாணில் பூசித் தருவார். ருசியாக இருந்தது, பல வருடம் சாப்பிட்டார். அந்த உப்பு சினைக்குள் இருக்கும் இளம்புழுவைக் கொல்லப் போதாது. வயிற்றில் அவ்வப்போது ஒரு இரைச்சல், வேறொன்றும் இல்லை. பெரும்பாலானோருக்கு அவ்வளவுதான் இருக்கும். அதனால்தான் வருடக்கணக்காகக் கண்டுபிடிக்கப்படாமல் போகிறது.

லீவில் ஊருக்கு வந்தபோது அவருக்கு இரண்டு விஷயம் மனைவியின் கண்ணில் பட்டது. நாக்கு சிவந்து, வழவழப்பாய், புளிக்குழம்பு பட்டால் எரிந்தது. மற்றது கிணற்றடியில். கண்ணில் சவர்க்காரம் போகாமலிருக்கக் கண்ணை மூடிக்கொண்டு தலையில் வாளித் தண்ணீர் ஊற்றும்போது, உடம்பு பக்கவாட்டில் சாய்ந்தது. கிணற்றுக் கட்டைப் பிடித்தார். கண் திறந்திருக்கும்போது சாய்வில்லை. காலடி எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்புப் பாதை முதுகுத்தண்டின் பின்பக்கம் போகிறது. பி12 இல்லாமல் அதன் உறை சிதையும். பகலில் கண் அந்தக் குறையை நிரப்பிவிடும். கண்ணை மூடினால் அல்லது இருட்டில் நடந்தால் குறை வெளியே வரும். "இரவில் கால் பஞ்சு மேல் வைத்ததுபோல இருக்கு" என்று நோயாளிகள் சொல்வது இதைத்தான்.

பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6, சிவப்பணுவின் சராசரிக் கனவளவு 118. வழமையாக இது 100-ஐத் தாண்டாது. பி12 அளவு 110. 200-க்குக் கீழே என்றாலே குறைவு. இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். இரத்தம் குறைவு என்றதும் இரும்பும் போலிக் அமிலமும் சேர்ந்த குளிகை கொடுத்து அனுப்புவார்கள். போலிக் அமிலம் எலும்பு மச்சையில் பி12 குறைவின் விளைவை ஓரளவு மூடிமறைக்கும். ஹீமோகுளோபின் ஏறும், நோயாளிக்கு நல்லாயிருக்கும். ஆனால் நரம்பு தொடர்ந்து சிதையும். ஆகையால் சிவப்பணு பெருத்திருக்கும் இரத்தச்சோகைக்கு, பி12 அளவைப் பார்க்காமல் போலிக் அமிலம் மட்டும் கொடுப்பதை நான் அபாயகரமான செயல் என்றே சொல்வேன்.

பி12 குறைவு உறுதியானதும் வைத்தியர் கேட்ட கேள்விதான் திருப்பம்: "பச்சை மீன், அரைவேக்காட்டு மீன், உப்புப் போட்ட சினை ஏதும் சாப்பிட்டீர்களா? மலத்தில் நாடா மாதிரி ஏதாவது போயிருக்கிறதா?" ஒருநாள் சப்பையாய், வெளிறிய நாடாத் துண்டு போனதாகவும், குடலின் ஏதோ தோல் என்று நினைத்ததாகவும் அவர் சொன்னார். மலத்தை நுண்நோக்கியில் பார்த்தால் மஞ்சள்-பழுப்பு நிற நீள்வட்ட முட்டைகள். நன்றாகக் குவியம் வைத்துப் பார்த்தால் ஒரு முனையில் சிறிய மூடியும், எதிர் முனையில் சின்னக் குமிழும் தெரியும். மூடியுள்ள முட்டை என்றாலே டீனியா இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு சிக்கல்: மற்ற சில தட்டைப்புழுக்களின் முட்டைக்கும் மூடி உண்டு. அதனால் அளவும் வடிவமும் பார்க்க வேண்டும், கணு கிடைத்தால் மிக நல்லது.

சிகிச்சை எளிமையானது. பிராசிகுவான்ரல் என்ற மருந்து, உடல் எடை கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம், ஒரே தடவை. அறுபது கிலோ ஆளுக்கு முந்நூறு முதல் அறுநூறு மில்லிகிராம். நிக்லோசமைடும் பாவிக்கலாம். வீட்டில் ஆறு மாதத்துக்கொரு தடவை குடும்பமாக எடுக்கும் பூச்சிக் குளிகையான மெபெண்டசோல் வட்டப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் உரியது; இந்தப் புழுவுக்கு அதை நம்பக்கூடாது. "பூச்சி மருந்து போன மாதம்தான் எடுத்தேன்" என்று நோயாளி சொன்னால், அதை வைத்துப் புழு இல்லை என்று முடிவெடுப்பது பிழை.

புழு போனால் பி12 தானாகத் தேறும் என்பது பின்லாந்தில் தெரிந்த உண்மைதான். ஆனால் கால் நரம்பு பாதிக்கப்பட்டவருக்குக் காத்திருக்க நேரம் இல்லை. ஹைட்ரொக்சொகோபாலமின் ஊசி, ஒரு தடவைக்கு 1 மில்லிகிராம், முதலில் நெருக்கமாகவும் பிறகு இடைவெளி விட்டும் போடுவார்கள். வயிறே உள்ளகக் காரணியைச் சுரக்காதவருக்கு வாழ்நாள் முழுக்க ஊசி தேவை. இவருக்கு அப்படி இல்லை, காரணம் புழுதான். அது போனால் பின்னர் நிறுத்தலாம். முதல் வாரத்திலேயே இளம் சிவப்பணுக்கள் இரத்தத்தில் கூடும். அந்த வேகத்தில் இரத்தத்தில் பொற்றாசியம் இறங்கக்கூடும், கடுமையான இரத்தச்சோகையில் அதையும் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் வழமைக்கு வரலாம்.

இனி, மீன் விஷயத்தில் எது புழுவைக் கொல்லும், எது கொல்லாது? மீனின் உள்ளே 63 பாகை செல்சியஸ் எட்டும்வரை வேக வைத்தால் இறந்துவிடும். அல்லது -20 பாகையில் ஏழு நாள் உறைய வைக்க வேண்டும். சந்தையில் ஐஸ் கட்டியில் கிடக்கும் மீன் பூச்சியத்துக்குக் கிட்டத்தான் இருக்கிறது. அது புழுவைக் கொல்லாது, உறங்கவைத்திருக்கும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் அறையில் பல சமயம் -20 வரை போவதில்லை, கரண்ட் நின்றால் இன்னும் ஏறும். எலுமிச்சைச் சாற்றில் ஊறிய மீன் வெள்ளையாகி வெந்ததுபோலத் தோன்றும். அது அமிலத்தால் புரதம் இறுகியது மட்டும்தான், புழு செத்ததற்கு அடையாளம் இல்லை. பெருவில் எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த மீன் உணவின் வழியாக அங்கே கடல்வாழ் இனமான இன்னொரு நாடாப்புழு மனிதருக்குப் பரவுவது நன்றாகத் தெரிந்த விஷயம். அதன் வழமையான வீடு கடற்சிங்கத்தின் குடல். ஜப்பானில் பசிபிக் சால்மன் வழியாகப் பரவும் இன்னொரு இனமும் உண்டு. சதையைக் கண்ணால் பார்த்துப் புழு இருக்கிறதா என்று சொல்ல முயல்வதும் உறுதியில்லாத வேலை. வெள்ளைச் சதையில் வெள்ளை நூலைத் தேடுவது அது.

நம் ஆளுக்கு என்ன நடந்தது? ஒரு மாதம் கழித்து மலம் மறுபடியும் பார்க்கப்பட்டது, முட்டை இல்லை. இதைச் செய்யாமல் விடக்கூடாது. மருந்துக்குப் பிறகு புழுவின் தலை எங்கே என்று தேடினாலும் கிடைக்காமல் போகலாம், அது சிதைந்திருக்கும். தலை உள்ளே மிஞ்சினால் நாடா மீண்டும் வளரும். மூன்று மாதத்தில் நாக்கு எரிவு போய்விட்டது, புளிக்குழம்பு தின்றார். கிணற்றடியில் கண்ணை மூடித் தண்ணீர் ஊற்றினாலும் சாய்வில்லை. கால் விரல் நுனிகளில் மட்டும் விறைப்பு எஞ்சியிருந்தது. நரம்பு நூல் செத்துப்போன இடத்தில் உறை மட்டும் கட்டிப் பயன் இல்லை என்பதால், அது இன்னும் ஆறு மாதம் மெல்லக் குறையலாம், முழுக்கப் போகாமலும் இருக்கலாம். பச்சை மீன் பற்றிய அந்தக் கேள்வியை எவ்வளவு முன்பே யாராவது கேட்டார்கள் என்பதைப் பொறுத்தது அது.